ஊசல் சோதனை அறிக்கையை ஐந்து தலைப்பாகப் பிரிக்கணும்: எந்த வரி எங்கே போகும்?

காவிரிக்கரை (வெள்ளி, இரவு 8.40)

பொண்ணு பிளஸ் ஒன் படிக்கிறா. தனி ஊசல் வைத்து புவியீர்ப்பு முடுக்கம் கண்டுபிடிக்கும் சோதனை செய்துவிட்டு, வீட்டில் உட்கார்ந்து கட்டுரை மாதிரி எழுதிக்கொண்டு போனாள். இயற்பியல் டீச்சர் திருப்பிக் கொடுத்துவிட்டார். "நோக்கம், தேவையான கருவிகள், செய்முறை, காட்சிப்பதிவு, முடிவு என்று பிரித்து எழுதி வா, புதிதாக எதுவும் சேர்க்காதே" என்றாராம். செவ்வாய்க்கிழமை கொடுக்கணும். நான் பி.காம், எனக்கு எது செய்முறை, எது காட்சிப்பதிவு என்றே பிரித்துச் சொல்ல வரவில்லை. அவள் எழுதியதை அப்படியே போடுகிறேன்:

"நானும் என் தோழியும் ஸ்டாண்டில் நூலைக் கட்டி ஊசல் குண்டைத் தொங்கவிட்டோம். ஊசல் ஆடும் நேரத்தை வைத்து g மதிப்பைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை. நூலின் நீளம் 60 செ.மீ. வைத்தபோது 20 அலைவுக்கு 31.5 விநாடி ஆனது, ஏனென்றால் நீளம் குறைந்தால் ஊசல் வேகமாக ஆடும். முதலில் ஃபேன் ஓடியதால் குண்டு வட்டமாகச் சுற்றியது, ஃபேனை அணைத்துவிட்டு மறுபடி எடுத்தோம். 80 செ.மீ.க்கு 36.3 விநாடி, 100 செ.மீ.க்கு 40.5 விநாடி. குண்டைக் கொஞ்சமாகத்தான் இழுத்து விட்டோம். நான் ஸ்டாப் கிளாக்கை அழுத்தினேன், அவள் எண்ணினாள். கணக்குப் போட்டால் 9.55, 9.59, 9.63 வந்தது. இதிலிருந்து g மதிப்பு 9.8 என்று நிரூபிக்கப்பட்டது. இந்தச் சோதனை மிகவும் பயனுள்ளதாக இருந்தது."

---

தாளடுக்கு (8.52)

ரொம்ப ஈசிங்க. முதலில் ஒவ்வொரு தலைப்புக்கும் ஹெடிங் ஸ்டைல் கொடுங்க, அப்புறம் உள்ளடக்கப் பட்டியல் தானா வந்துடும். ஓரத்துல ஒரு இன்ச் விடுங்க. லதா எழுத்துரு பள்ளிக்குப் போதும்.

---

காவிரிக்கரை (8.58)

தம்பி, ரெக்கார்டு நோட்டில் கையால் எழுதுவது. ஓரம் டீச்சரே கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார் 🙂

---

பழைய_லேப் (9.25)

முப்பது வருஷம் இதைத்தான் திருத்தினேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா, தலைப்பை முதலில் எழுதிவிட்டு அதற்கு வரி தேடாதீர்கள். பென்சிலை எடுத்து, குழந்தை எழுதிய ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: இது கை செய்ததா, கண் பார்த்ததா, மூளை சொன்னதா? கை செய்தது செய்முறைக்குப் போகும். கண் பார்த்தது காட்சிப்பதிவுக்குப் போகும். மூளை சொன்னது முடிவுக்குப் போகும், அதுவும் கண் பார்த்தது தாங்குகிற அளவுக்கு மட்டும்.

இரண்டாவது வரிதான் நோக்கம். "எங்கள் வேலை" என்பதை எடுத்துவிட்டால் "தனி ஊசலைப் பயன்படுத்தி புவியீர்ப்பு முடுக்கத்தின் மதிப்பைக் காணல்" என்று ஆகிவிடும். "9.8 என்று நிரூபித்தல்" என்று மட்டும் எழுத வேண்டாம். விடையை நோக்கத்திலேயே எழுதிய பிள்ளைக்கு அளக்கிற கை அந்தப் பக்கமே சாயும்.

மூன்றாவது வரியில் மூன்றும் ஒட்டிக் கிடக்கின்றன. 60 செ.மீ. வைத்தது கை. 31.5 விநாடி கண். "ஏனென்றால்" என்று தொடங்குவது மூளை. காட்சிப்பதிவில் "ஏனென்றால்" வந்தாலே நான் சிவப்பு மையில் சுழிப்பேன். அதுவும் ஒரே ஒரு நீளத்தை வைத்துக்கொண்டு நீளத்துக்கும் நேரத்துக்கும் உறவு சொல்ல முடியாது. மூன்று அளவும் அட்டவணையில் வந்த பிறகுதான் அந்த வாக்கியத்துக்கு உரிமை வரும்.

ஃபேன் வரியை நிறையப் பேர் வெட்டிவிடுவார்கள். வெட்டாதீர்கள். குண்டு வட்டமாகச் சுற்றியது கண் பார்த்தது, ஃபேனை அணைத்தது கை செய்தது. இரண்டாகப் பிரித்து அதனதன் இடத்தில் வையுங்கள். கடைசி "பயனுள்ளதாக இருந்தது" எந்தத் தலைப்புக்கும் சொந்தமில்லை, விட்டுவிடலாம்.

கருவிகள் பற்றி குழந்தை ஒரு வரிகூட எழுதவில்லை. செய்முறையில் கை தொட்ட பொருள்களைத்தான் பொறுக்க வேண்டும். தாங்கி, நூல், ஊசல் குண்டு, நிறுத்துக் கடிகாரம் இருக்கின்றன. 60 செ.மீ. என்று அளந்திருக்கிறாள், ஆக மீட்டர் அளவுகோல் இருந்திருக்கும். நூலை எதில் பிடித்தாள்? எங்கள் லேபில் என்றால் பிளவுபட்ட தக்கை.

இப்போது ஒன்று கேட்கிறேன். குண்டின் விட்டத்தை அளக்க வெர்னியர் அளவி எடுத்தாளா? பட்டியலில் அதற்கு இடமே வரவில்லை.

---

காவிரிக்கரை (9.41)

கேட்டேன் ஐயா. வெர்னியர் எடுக்கவில்லையாம். தக்கையிலிருந்து நூல் முடிகிற கொக்கி வரை ஸ்கேல் வைத்து அளந்தார்களாம். அது தப்பா?

இன்னொன்று. g = 4π²l/T² என்ற வாய்ப்பாடு எங்கே போகும்? டீச்சர் சொன்ன ஐந்தில் அதற்குத் தலைப்பு இல்லையே.

---

எட்டாம்_வாய்ப்பாடு (9.50)

நம்ம ஊர் ரெக்கார்டில் ஐந்து தலைப்பு கிடையாது. வாய்ப்பாடு, படம், கணக்கீடு எல்லாம் தனித்தனியாக இருக்கும். டீச்சர் எதையோ மறந்துட்டார்.

g குறைஞ்சு வந்ததுக்கு காரணம் எண்ணிக்கைதான், எல்லாப் பசங்களும் செய்யற தப்பு. குண்டை விடும்போதே "ஒண்ணு"ன்னு எண்ண ஆரம்பிச்சா 20 எண்ணும்போது 19 அலைவுதான் முடிஞ்சிருக்கும். முடிவுல 9.8னு எழுதிட்டுப் போங்க, உலகத்துக்கே தெரிஞ்ச மதிப்பு, யாரும் மார்க் குறைக்க மாட்டாங்க.

---

பழைய_லேப் (10.15)

தம்பி சொன்ன எண்ணும் பிழை நிஜமான பிழைதான், ஒவ்வொரு வருஷமும் பார்த்திருக்கிறேன். சுழியத்திலிருந்து எண்ணச் சொல்வதே அதற்காகத்தான். ஆனால் அது இந்தப் பிள்ளையின் பிழை இல்லை. அட்டவணையைப் பார்த்தாலே தெரியும்.

19 அலைவின் நேரத்தை 20-க்கு என்று எழுதினால் அலைவுநேரம் குறைந்து காட்டும். g அதன் வர்க்கத்தால் வகுபடுவதால் ஏறும், குறையாது. 10.8 பக்கம் போயிருக்கும். ஒன்று கூடுதலாக எண்ணி 21 ஆகியிருந்தால் 8.9-க்கு இறங்கியிருக்கும். இங்கே வந்ததோ 9.55, 9.59, 9.63. குறை சிறியது, அதோடு நூல் நீள நீளக் குறைகிறது. எண்ணிக்கைப் பிழை எல்லா நீளத்திலும் ஒரே விகிதத்தில் இழுக்கும், இப்படிப் படிப்படியாக ஏறாது.

நீளத்தில் ஏதோ ஒரு நிலையான துண்டு விட்டுப்போனால்தான் இப்படி வரும் என்று நினைக்கிறேன். ஊசலின் நீளம் என்பது தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் மையம் வரை. கொக்கி வரை அளந்தால் கொக்கியும் குண்டின் ஆரமும் கணக்கில் வராது. விட்டுப்போனது ஒன்றரை செ.மீ. என்று வையுங்கள். 60-ல் அது பெரிய பங்கு, 100-ல் சிறிய பங்கு. அதனால்தான் நீளம் கூடக் கூட மதிப்பு சரியானதை நெருங்குகிறது.

கட்டுரையாக இருந்தபோது இந்த ஓட்டை யார் கண்ணிலும் படவில்லை, எனக்கும்தான். கருவிப் பட்டியலில் வெர்னியர் இல்லை என்றதும் தான் பட்டது.

முடிவில் 9.8 எழுதுவது பற்றி: கூடாது. அவள் அட்டவணையின் சராசரி 9.59. மேலே 9.59 என்று காட்டிவிட்டுக் கீழே 9.8 என்று எழுதினால் இரண்டில் ஒன்று பொய். நான் மார்க் குறைத்திருப்பேன்.

வாய்ப்பாட்டுக்கு: ஐந்து என்று ஆசிரியர் சொன்னால் ஐந்துதான். வாய்ப்பாட்டைச் செய்முறையின் கடைசி வரியாக வைக்கலாம், "பின்வரும் தொடர்பிலிருந்து g கணக்கிடப்பட்டது" என்று. கணக்கீடு அட்டவணையின் கடைசி நிரலாகிவிடும்.

---

உப்புக்கரைசல் (10.31)

நான் வேதியியல். எங்களுக்கு இந்தத் தலைவலி இன்னும் மோசம். உப்பைப் பகுத்தறியும்போது சோதனை, உற்றுநோக்கல், உய்த்துணர்தல் என்று மூன்று நிரல் போட்டே கொடுக்கிறோம். அப்படியும் நடு நிரலில் "அம்மோனியா வெளியேறியது" என்று எழுதுவார்கள். அம்மோனியாவை யாரப்பா பார்த்தது? நெடி வந்தது, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்த கண்ணாடித் தண்டைக் காட்டினால் வெண்புகை வந்தது. அவ்வளவுதான் நடு நிரலுக்கு. அம்மோனியம் இருக்கலாம் என்பது மூன்றாம் நிரல்.

பழைய_லேப் ஐயாவிடம் ஒரு சின்னக் கருத்து வேறுபாடு. கணக்கிட்ட g மதிப்பு கண் பார்த்தது இல்லையே? உங்கள் விதிப்படியே அது அட்டவணைக்குள் வரக் கூடாது.

---

பழைய_லேப் (10.38)

பிடித்துவிட்டீர்கள் டீச்சர். கறாராகப் பார்த்தால் வரக் கூடாதுதான். நீளமும் நேரமும் அளந்தவை, T, T², g மூன்றும் செய்தவை. அட்டவணைக்கு நடுவில் ஒரு இரட்டைக் கோடு போட்டு, இடப்பக்கம் அளந்தது, வலப்பக்கம் கணக்கிட்டது என்று பிரிப்பது என் வழக்கம். சில ஆசிரியர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

---

பனங்கொட்டை (யாழ்ப்பாணம், 11.05)

வணக்கம். நாங்கள் உபகரணங்கள், அவதானம் எண்டு எழுதுவம், மற்றது எல்லாம் ஒண்டுதான்.

உயர்தரத்தில எங்களுக்கு இந்தப் பரிசோதனையை வரைபு கீறித்தான் செய்விக்கிறவை. l-க்கு எதிரா T² கீறி, படித்திறன் எடுத்து, அதிலயிருந்து g. நீங்கள் போட்ட இலக்கங்களை நான் இப்ப செய்து பாத்தன். 60-க்கு T² 2.48, 100-க்கு 4.10. 0.40 மீற்றருக்கு 1.62 கூடுது, படித்திறன் 4.05. 4π²-ஐ அதால பிரிச்சா 9.75 வருது. பிள்ளை அளந்த அதே நூல் நீளத்தை வச்சே!

ஏனெண்டா எல்லா நீளத்திலயும் ஒரே துண்டு விடுபட்டா கோடு பக்கவாட்டில நகரும், சரிவு மாறாது. கோட்டைக் கீழ நீட்டினா அது உற்பத்திக்குள்ளால, அதாவது ரெண்டு அச்சும் வெட்டுற புள்ளிக்குள்ளால, போகாது. நீள அச்சில சைபருக்கு அங்கால, ஒண்டேகால் சென்ரிமீற்றர் அளவில வெட்டும். விடுபட்ட துண்டு கிட்டத்தட்ட அவ்வளவு எண்டு வரைபே சொல்லுது. மூண்டு புள்ளிதான், அதால பெரிசா நம்பேலாது.

---

நடுராத்திரி_டீ (11.48)

இன்ஜினியரிங் மூணாவது வருஷம். சாரி சார், நீளம்தான் காரணம்னு எப்படி அவ்ளோ உறுதியா சொல்றீங்க? ஸ்டாப் கிளாக்கை ஒவ்வொரு தடவையும் 0.3 விநாடி லேட்டா நிறுத்தினாலும் இதே மாதிரிதான் வரும். 31.5ல 0.3 பெருசு, 40.5ல 0.3 சின்னது. கழிச்சுப் பார்த்தேன்: 9.73, 9.75, 9.77. ஏத்தமும் கிட்டத்தட்ட பாதி காணாம போயிடுது.

---

பழைய_லேப் (சனி, காலை 6.10)

தம்பி, நல்ல கேள்வி. நேற்று ராத்திரி கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன். அட்டவணையை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே கை, ஒரே தாமதம் என்றால் அது தானாகக் கழிந்துவிடும். ஆனால் குண்டை விடும் கையும் கடிகாரத்தை அழுத்தும் கையும் சேர்ந்து தொடங்கி, நிறுத்துவது மட்டும் கண்ணால் பார்த்து என்றால் தாமதம் மிஞ்சும். அதனால்தான் ஊசலை இரண்டு மூன்று முறை ஆடவிட்டு, நடுநிலையைக் கடக்கும்போது சுழியம் சொல்லித் தொடங்கு என்போம்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. 100 செ.மீ. நூலிலேயே 40 அலைவு எடுக்கட்டும். தாமதம்தான் காரணம் என்றால், 40-ல் அது ஒரே ஒரு முறைதான் சேரும், எனவே ஒரு அலைவுக்கான நேரம் கண்ணுக்குத் தெரியக் குறையும். நீளம்தான் காரணம் என்றால் மாறாது. அம்மா, திங்கட்கிழமை லேபில் பத்து நிமிஷம் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். வெர்னியரும் எடுத்துக்கொள்ளட்டும்.

---

எட்டாம்_வாய்ப்பாடு (8.20)

குண்டை எவ்வளவு இழுத்தாங்கன்னு யாரும் கேக்கலையே? அதிகமா இழுத்தாலும் அலைவுநேரம் கூடும்.

---

பழைய_லேப் (8.33)

கூடும் தம்பி, திசை சரிதான். ஆனால் 10 பாகை இழுத்தாலும் நேரம் ஆயிரத்தில் இரண்டு பங்கு அளவுதான் கூடும். g-யில் அது 0.04 போல. இங்கே 0.2 குறைகிறது. "கொஞ்சமாக" என்று எழுதியிருப்பதை மட்டும் செய்முறையில் மாற்றலாம். எத்தனை செ.மீ. இழுத்தாள் என்று நினைவிருந்தால் அந்த அளவு, இல்லாவிட்டால் "சிறிதளவு" என்றே இருக்கட்டும். நினைவில்லாத எண்ணை எழுத வேண்டாம்.

---

காவிரிக்கரை (திங்கள், மாலை 6.15)

ஐயா, டீச்சர் விட்டாராம். குண்டின் விட்டம் 1.9 செ.மீ., ஆரம் 0.95. கொக்கி 0.65. மொத்தம் 1.6 செ.மீ. விட்டுப்போயிருக்கிறது. 40 அலைவுக்கு 80.9 விநாடி. பாதி 40.45, முன்பு எடுத்தது 40.5.

1.6 சேர்த்து 61.6, 81.6, 101.6 என்று வைத்துக் கணக்குப் போட்டால் 9.80, 9.78, 9.78. சாயங்கால டிபன் தட்டை நகர்த்திவிட்டு மூன்று முறை போட்டுப் பார்த்தாள். சராசரி 9.79.

இப்போது சந்தேகம்: பழைய 60, 80, 100-ஐ அழித்துவிட்டு 61.6 என்று எழுதவா? டீச்சர் "புதிதாக எதுவும் சேர்க்காதே" என்றிருந்தாரே.

---

பழைய_லேப் (6.40)

அழிக்கக் கூடாது. 60 என்பது அவள் கண் பார்த்தது, அது அட்டவணையில் இருந்தே ஆக வேண்டும். நூலின் நீளம் என்று ஒரு நிரல். அடுத்து கொக்கியும் ஆரமும் சேர்ந்து 1.6 என்று ஒரு நிரல். அதற்கடுத்து ஊசலின் நீளம். படிக்கிறவர் எந்த எண் எங்கிருந்து வந்தது என்று கையால் தொட்டுப் பார்க்கலாம். விட்டத்தைப் பிறகு ஒரு நாள் அளந்ததையும் செய்முறையில் ஒளிக்காமல் எழுதட்டும். டீச்சர் சேர்க்காதே என்றது கற்பனையாகச் சேர்க்காதே என்றுதான் இருக்கும், அவரே லேபைத் திறந்துவிட்டிருக்கிறாரே.

40 அலைவு தாமதத்தை ஏறக்குறைய விலக்கிவிடுகிறது. 0.05 விநாடி வேறுபாடு இந்தக் கடிகாரத்தில் ஒன்றும் சொல்லாது.

---

நடுராத்திரி_டீ (7.02)

ஒத்துக்கிறேன் சார். ஆனா 40 அலைவு ஒரே ஒரு தடவைதான் எடுத்திருக்காங்க 😄

---

காவிரிக்கரை (9.30)

அவள் எழுதி முடித்தது. சரிபார்த்துச் சொல்லுங்கள்:

நோக்கம்: தனி ஊசலைப் பயன்படுத்தி புவியீர்ப்பு முடுக்கத்தின் மதிப்பைக் காணல்.

தேவையான கருவிகள்: தாங்கி, பிளவுபட்ட தக்கை, நூல், கொக்கியுடன் கூடிய ஊசல் குண்டு, மீட்டர் அளவுகோல், வெர்னியர் அளவி, நிறுத்துக் கடிகாரம்.

செய்முறை: குண்டு நூலில் கட்டப்பட்டு, தக்கையின் பிளவில் நூல் பிடிக்கப்பட்டது. தக்கையிலிருந்து கொக்கி வரை நூலின் நீளம் 60 செ.மீ. ஆக அமைக்கப்பட்டது. குண்டு சிறிதளவு இழுத்து விடப்பட்டு, 20 அலைவுகளுக்கான நேரம் அளக்கப்பட்டது. மின்விசிறி ஓடியபோது எடுத்த முதல் அளவு கைவிடப்பட்டு, அதை நிறுத்தியபின் மீண்டும் எடுக்கப்பட்டது. 80, 100 செ.மீ. நீளங்களுக்கும் இவ்வாறே செய்யப்பட்டது. குண்டின் விட்டமும் கொக்கியின் நீளமும் பின்னர் அளக்கப்பட்டன. g = 4π²l/T² என்ற தொடர்பிலிருந்து g கணக்கிடப்பட்டது.

காட்சிப்பதிவு: மின்விசிறி ஓடியபோது குண்டு ஒரே தளத்தில் ஆடாமல் வட்டமாகச் சுற்றியது. கொக்கி + ஆரம் = 1.6 செ.மீ.

| நூல் (செ.மீ.) | ஊசலின் நீளம் l (செ.மீ.) | 20 அலைவு (வி) | T (வி) | T² (வி²) | g (மீ/வி²) |
|---|---|---|---|---|---|
| 60 | 61.6 | 31.5 | 1.575 | 2.481 | 9.80 |
| 80 | 81.6 | 36.3 | 1.815 | 3.294 | 9.78 |
| 100 | 101.6 | 40.5 | 2.025 | 4.101 | 9.78 |

முடிவு: ஊசலின் நீளம் கூடும்போது அலைவுநேரம் கூடுகிறது. சோதனையிலிருந்து பெற்ற புவியீர்ப்பு முடுக்கத்தின் சராசரி மதிப்பு 9.79 மீ/வி². ஊசலின் நீளத்துக்குப் பதில் நூலின் நீளத்தை மட்டும் கொண்டால் 9.59 மீ/வி² கிடைக்கிறது.

---

உப்புக்கரைசல் (9.44)

கடைசி வரி அருமை. "நிரூபிக்கப்பட்டது" போயே போய்விட்டது, நல்லது. இரட்டைக் கோட்டை மட்டும் நோட்டில் போடச் சொல்லுங்கள்.

---

எட்டாம்_வாய்ப்பாடு (9.51)

எல்லாம் சரி, செய்முறை ஏன் "கட்டப்பட்டது, அளக்கப்பட்டது"ன்னு இருக்கு? எங்க ரெக்கார்டில் "கட்ட வேண்டும், அளக்க வேண்டும்"னு தான் எழுதுவோம்.

---

பழைய_லேப் (10.05)

அது சோதனை நடக்கும் முன்பே நோட்டை டிக்டேட் செய்யும் வழக்கத்தால் வந்தது தம்பி. "அளக்க வேண்டும்" என்பது செய்யப்போகிறவனுக்குச் சொல்வது. ஃபேனை நிறுத்திய கதையை அந்த நடையில் எழுதிப் பாருங்கள், உட்காரவே உட்காராது.

---

பனங்கொட்டை (10.20)

எங்கட சேர் "கட்டினோம், அளந்தோம்" எண்டே எழுதலாம் எண்டவர். இந்தப் "பட்டது பட்டது" வாசிக்கவே களைக்குது.

---

எட்டாம்_வாய்ப்பாடு (10.26)

எக்ஸ்டெர்னல் வந்தா "வேண்டும்"னுதான் எதிர்பார்ப்பார். நான் மாத்த மாட்டேன்.

---

காவிரிக்கரை (செவ்வாய், மாலை 5.10)

டீச்சர் வாங்கிக்கொண்டார். வெர்னியர் வரிக்குப் பக்கத்தில் டிக் போட்டிருக்கிறார். "சிறிதளவு" என்பதைச் சுழித்து "எவ்வளவு?" என்று எழுதியிருக்கிறார். "பட்டது" பற்றி ஒன்றும் சொல்லவில்லை.